ஆச்சியின் சட்டம்

1994 ஏப்ரலில், பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்ட மூன்றாம் நாள், பூசை முடிந்ததும் உபதேசியார் ஒரு தாளை எடுத்து எங்கள் பெயர்களை வாசித்தார். மொத்தம் 43 பேர். எங்கள் பங்குக்கு ஆயர் வந்து உறுதிப்பூசுதல் கொடுத்துச் சில வருடங்கள் ஆகியிருந்ததால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் மீசை அரும்பிய பிளஸ் ஒன் பையன்களும் ஒரே பட்டியலில் இருந்தார்கள். மே மாதக் கடைசியில் ஆயர் வருகிறார், வாரத்துக்கு மூன்று நாள் வகுப்பு, வராதவர்களுக்குப் பூசுதல் இல்லை என்றார். எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஊர் திருச்செந்தூருக்குத் தெற்கே கடலை ஒட்டி இருக்கிறது. லீவில் பத்து மணி வெயிலில் பள்ளிக்கூட பெஞ்சில் போய் உட்கார வேண்டுமே என்ற எரிச்சலைத் தவிர அன்று எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வகுப்பு எடுத்தது ஒரு சிஸ்டர். முதல் நாள் ஒரு காகிதத்தைக் கிழித்து அதன் ஒரு பக்கம் தண்ணீரிலும் மறுபக்கம் தேங்காய் எண்ணெயிலும் விரலால் சிலுவை போட்டு ஜன்னலில் வைத்தார். வகுப்பு முடியும்போது தண்ணீர்ச் சிலுவை காய்ந்து காணாமல் போயிருந்தது. எண்ணெய்ச் சிலுவை காகிதத்துக்குள் ஊறி, வெளிச்சத்தில் கண்ணாடி மாதிரி தெரிந்தது. "இதை அழிங்க பார்ப்போம்" என்றார். ஒருவன் எச்சில் தொட்டுத் தேய்த்தான். காகிதம்தான் கிழிந்தது. ஞானஸ்நானம், உறுதிப்பூசுதல், குருப்பட்டம் என்ற மூன்றையும் ஒருவர் ஒரு தடவைக்கு மேல் வாங்க முடியாது, அவை ஆன்மாவில் அழியாத முத்திரை வைக்கின்றன என்பதைப் பிற்பாடு எத்தனையோ பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். எனக்குப் புரிந்தது அந்தக் கிழிந்த தாளில்தான்.

இதனால் ஒரு சிக்கலும் வந்தது. தூத்துக்குடியிலிருந்து குடிவந்த ஒருத்தியின் அம்மாவுக்கு, மகள் அங்கே ஏற்கெனவே பூசுதல் வாங்கினாளா, புதுநன்மை மட்டும்தான் வாங்கினாளா என்று நினைவில்லை. இரண்டாம் தடவை பூசிவிடக் கூடாதே என்று சிஸ்டர் பதறினார். அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்குப் பங்குச் சாமியார் கடிதம் போட்டார். ஒருவர் எந்த ஊரில் உறுதிப்பூசுதல் பெற்றாலும் அந்தச் செய்தி அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயிலுக்குப் போய், அங்குள்ள பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே ஓரத்தில் ஏற வேண்டும். திருமணம் முடிந்தாலும் அங்கேதான் ஏறும். அவள் பெயருக்கு எதிரே ஓரம் வெறுமையாக இருக்கிறது என்று பதில் வந்தது. எங்களோடு சேர்த்துக்கொண்டார்கள்.

மனப்பாடத்தில் முக்கியமானது தூய ஆவியின் ஏழு கொடைகள். எசாயா இறைவாக்கினர் நூலின் பதினோராம் அதிகாரத்திலிருந்து வருவது. எபிரேய மூலத்தில் ஆறுதான் இருக்கிறது, பக்தி என்பது கிரேக்க, லத்தீன் மொழிபெயர்ப்புகள் வழியாக வந்து சேர்ந்தது என்று சிஸ்டர் ஒரு நாள் போகிறபோக்கில் சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்பதுபோல எங்களைப் பார்த்தார். வீட்டில் ஆச்சி எனக்குப் பழைய வரிசையைச் சொல்லிக்கொடுத்திருந்தாள்: ஞானம், புத்தி, விமரிசை, அறிவு, திடம், பக்தி, தெய்வபயம். வகுப்பில் அதை ஒப்பித்தபோது விமரிசையில் எல்லாரும் சிரித்தார்கள். விமரிசை என்றால் திருவிழாக் கொடியேற்றமும் வாணவேடிக்கையும் என்றுதான் எங்களுக்குத் தெரியும். தூய ஆவியானவர் அதையும் தருகிறார் என்பதில் பையன்களுக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆராய்ந்து பார்த்து முடிவெடுக்கிற ஆலோசனைக்குத்தான் அந்தக் காலத்தில் அந்தச் சொல் என்று சிஸ்டர் விளக்கினார். அந்தக் கொடையை நான் அந்த மாதமே பயன்படுத்தப் போகிறேன் என்பது அப்போது தெரியாது.

மூன்றாம் வாரம் ஆளுக்கொரு தாள் கொடுத்தார்கள். ஞானஸ்நானப் பெயர், பெற்றோர் பெயர், தேர்ந்தெடுக்கும் புனிதர் பெயர், ஞானத்தாய் அல்லது ஞானத்தந்தை பெயர்.

புனிதர் பெயர் கட்டாயமில்லை, ஞானஸ்நானப் பெயரையே வைத்துக்கொள்ளலாம் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார். யார் கேட்டார்கள்? புதுப் பெயர் கிடைக்கிறது என்றால் விடுவோமா? புனிதர் படங்கள் போட்ட ஒரு புத்தகம் கை மாறி மாறிப் போய்வந்தது. பெண்பிள்ளைகளில் பாதிப்பேர் குழந்தை தெரேசாள். ரோஜாப்பூ வைத்திருக்கிற படம் அழகாக இருந்தது என்பதுதான் காரணம், பதினொரு வயதில் அவளும் உறுதிப்பூசுதல் பெற்ற கதையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டது. நான் லூசியாவைத் தேர்ந்தெடுத்தேன். ஆச்சிக்கு அப்போது கண்ணில் புரை விழுந்திருந்தது. ஜெபமாலை மணியை விட்டுவிட்டுக் கழுத்துச் செயினை உருட்டிக்கொண்டிருப்பாள். லூசியா கண் நோய்க்காரர்களின் பாதுகாவலி. வீட்டில் போய்ச் சொன்னதும் ஆச்சி, "ரெண்டு கண்ணையும் தோண்டித் தட்டுல வச்சிருப்பாளே, அவளா? வேற நல்லபடியா ஒருத்தியும் கிடைக்கலியாட்டி உனக்கு?" என்றாள்.

என் பெஞ்சுக்குப் பின்னால் இருந்தவன் தேவசகாயம் என்று எழுதிக் கொடுத்தான். வடக்கன்குளம் அவனுக்கு அம்மா ஊர். 1745இல் நீலகண்ட பிள்ளை ஞானஸ்நானம் பெற்றது அந்த ஊரில். 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவனுக்கு அவர்தான் வேண்டும். அவருக்கு இன்னும் புனிதர் பட்டம் ஆகவில்லை, எழுத முடியாது என்று சிஸ்டர் சொன்னார். அவன் முகம் தொங்கிப்போனது. மறுநாள் சிஸ்டரே வழி கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். அவருக்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் லாசர், 'கடவுளே உதவி' என்ற அதன் பொருளைத் தமிழில் சொன்னதுதான் தேவசகாயம். "லாசர்னு எழுது. பைபிள்ல இருக்கிற லாசர் புனிதர்தான். நீ மனசுல யாரை நெனச்சுக்கிட்டாலும் யார் கேக்கப்போறா?" 2022 மே 15 அன்று ரோமில் தேவசகாயத்துக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, வளைகுடாவில் இருந்த அவன் எனக்கு ஒரே வரியில் செய்தி அனுப்பினான்: 'இப்போ மாத்தித் தருவாங்களா?'

ஞானத்தாய் விஷயம் இவ்வளவு லேசாக முடியவில்லை.

சிஸ்டர் சொன்ன நிபந்தனைகள் சிலதான். பதினாறு வயது நிறைந்தவராக இருக்க வேண்டும். கத்தோலிக்கராக, நற்கருணையும் உறுதிப்பூசுதலும் பெற்றவராக, அதற்கேற்ற வாழ்க்கை வாழ்கிறவராக இருக்க வேண்டும். பெற்ற அப்பா, அம்மா நிற்கக் கூடாது. முடிந்தால் ஞானஸ்நானத்தில் நின்றவரே இதற்கும் நிற்பது நல்லது. எனக்கு ஞானஸ்நானத்தில் நின்றது பெரியம்மா. அவள் பம்பாய்க்குப் போய் வருடங்கள் ஆகின்றன, அவள் முகமே எனக்குக் கல்யாண போட்டோவில் பார்த்ததுதான். ஆனாலும் பெரியம்மாவுக்கு எழுதிப்போடலாம் என்று அப்பா ஆரம்பித்தார். "நின்னவளே மறுபடி நிக்கக் கூடாது" என்று ஆச்சி வெட்டிவிட்டாள். ஞானஸ்நானத்துக்கு ஒருத்தி, பூசுதலுக்கு வேறொருத்தி, பொம்பளைப் பிள்ளைக்குப் பொம்பளைதான் நிற்க வேண்டும், இதுதான் சட்டம் என்றாள். சிஸ்டர் சொன்னதற்கு நேர் எதிர். அப்படியானால் அடுத்த வீட்டில் இருக்கிற அத்தையையே கூப்பிடலாமே என்று அம்மா சொன்னாள். அத்தை ஆச்சி பெற்ற மகள். ஆச்சி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தோம். அவளோ கையிலிருந்த வெற்றிலையை அப்படியே தட்டில் போட்டுவிட்டாள்.

"அவ ஞானத்தாயா நின்னா அவ மவன் இவளுக்கு அண்ணன் முறையாயிருவாம்லா? அப்புறம் எப்படிக் கட்டிவைக்கிறது?"

கட்டிவைக்கிற பேச்சு எங்கள் வீட்டில் இருக்கிறது என்பதை நான் தெரிந்துகொண்டது அந்த நிமிடம். அடுப்படியில் நின்று பப்படம் தின்றுகொண்டிருந்தேன். அத்தை மகனுக்கு அப்போது பத்தொன்பது வயது, பாலிடெக்னிக்கில் படித்தான். என்னை நண்டு என்று கூப்பிடுவான், காதைத் திருகுவான், எங்கள் வீட்டு நிலைக்கண்ணாடியில் வந்து தலைசீவுவான். அவன் மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் அவனையும் கல்யாணத்தையும் சேர்த்து நினைத்ததும் பப்படம் தொண்டையில் சிக்கியது. அம்மாவும் அப்பாவும் ஆச்சியை மறுத்து ஒன்றும் சொல்லவில்லை என்பதையும் கவனித்தேன்.

மறுநாள் சாயங்காலம் ஆச்சி பங்குச் சாமியாரைப் பார்க்கப் போனாள். கண் தெரியாததால் கையைப் பிடித்துக் கூட்டிப்போனது நான். சாமியார் வயதானவர், சட்டம் தெரிந்தவர், ஆச்சியைக் கேலிசெய்யவில்லை. "ஆச்சி சொல்றது சரிதான். 1917ல வந்த சட்டத்தில அப்படித்தான் இருந்தது. வேற ஆள் நிக்கணும், ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண். 1983ல புதுச் சட்டம் வந்தப்போ மாத்திட்டாங்க" என்றார். ஆச்சி 1936இல் ரோச் ஆண்டகை கையால் பூசுதல் பெற்றவள். தூத்துக்குடி மறைமாவட்டத்தின் முதல் ஆயர் அவர். ஆச்சியின் சட்டம் அந்த வருடத்தோடு நின்றிருந்தது, அவ்வளவுதான்.

முறை விஷயத்தையும் கேட்டாள். ஞானஸ்நானத்தில் கைநீட்டி ஏந்தியவருக்கும் ஏந்தப்பட்டவருக்கும் இடையில்தான் பழைய சட்டம் கல்யாணத் தடை வைத்தது, உறுதிப்பூசுதலில் அந்தத் தடை அப்போதே கிடையாது, ஞானத்தாயின் மகனுக்கு அது எப்போதோ இல்லாமல் போய்விட்டது, 1983க்குப் பிறகு எதற்குமே இல்லை என்று சாமியார் பொறுமையாகச் சொன்னார். பிறகு செருமிக்கொண்டு, "ஆனா ஆச்சி, அத்தை மகன் மாமன் மகள் ரத்த உறவுல்லா? அதுக்குத்தான் திருச்சபையில தடை இருக்கு. ஆயர்கிட்ட விலக்கு வாங்காமக் கட்டிவைக்க முடியாது" என்றார்.

"அது வாங்கிக்கலாம் சாமி. ஊர்ல எல்லாரும் வாங்குறாங்க. இதுக்கு எங்க போய் விலக்கு வாங்குவேன்?"

திரும்பி நடக்கும்போது ஆச்சி ஒரு வார்த்தை பேசவில்லை. தாளில் இல்லாவிட்டாலும் முறை முறைதான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள் என்பது கைப்பிடியின் இறுக்கத்தில் தெரிந்தது. வெகுகாலம் கழித்து, ஞான உறவின் வரம்பை 1563இல் திரிதெந்து பொதுச்சங்கம் வெகுவாகக் குறைத்தது என்றும், அதற்கு முன்பு ஞானப்பெற்றோரின் பிள்ளைகள்வரை அந்தத் தடை நீண்டது என்றும் படித்தேன். எங்கள் கரையில் பரதவர் ஞானஸ்நானம் பெற்றது 1530களில். சவேரியார் வந்து இறங்கியது 1542. அந்தச் சங்கம் கூடுவதற்கு முன்னால் கரையேறிய ஒரு விதியை எங்கள் ஊர்க் கிழவிகள் நானூறு வருடம் அடைகாத்தார்களா, இல்லை நம் முறை வழக்கமே அப்படி யோசிக்கவைத்ததா? என்னால் நிரூபிக்க முடியாது. நினைத்துப் பார்க்க எனக்குப் பிடித்திருக்கிறது.

அன்று ராத்திரி நான் படுத்துக்கொண்டு ஆராய்ந்தேன். சாமியாரின் சட்டப்படி அத்தை ஞானத்தாயாக நிற்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. ஆச்சியின் சட்டப்படி எல்லாம் முடிந்துவிடும். என் வீட்டில் நடப்பது ஆச்சியின் சட்டம்.

காலையில் அந்தத் தாளில் அத்தையின் பெயரை எழுதி நேராக சிஸ்டரிடம் கொடுத்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் அத்தையிடம் போனேன். கடற்கரையில் பாய் விரித்து நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்தாள்.

"அத்தை, பூசுதலுக்கு நீங்க எனக்கு நிப்பீங்களா?"

அத்தை நிமிரவில்லை. ஒரு வரிசை மீனைப் புரட்டி முடித்துவிட்டு, "ஆச்சிக்குத் தெரியுமா?" என்றாள்.

"தாள் குடுத்தாச்சு."

இன்னொரு வரிசையைப் புரட்டினாள். "உனக்கு அவன் வேண்டாம். அதானே?"

நான் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சரி, போ. சேலை எடுக்கணும். உனக்கு வெள்ளைப் பாவாடையும் எடுக்கணும். ஞானத்தாய் எடுத்துக்குடுக்கிறதுதான் வழக்கம்" என்றாள் அத்தை. ஆச்சி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கொடுத்த தாளைத் திரும்ப வாங்குவது தூய ஆவியோடு விளையாடுவது என்று அவளே நினைத்ததால் அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

பூசுதலுக்கு முந்தின நாள் பாவசங்கீர்த்தனம். அப்போதே சிஸ்டர் கட்டளைகளை அடுக்கிவிட்டார். நெற்றியில் பவுடர் கூடாது, பொட்டு கூடாது, முன்மயிரை இழுத்துப் பின்னி நெற்றியைத் துப்புரவாக வைக்க வேண்டும். பவுடர் போட்ட நெற்றியில் எண்ணெய் பட்டால் களிம்பாகிவிடும், ஆயரின் பெருவிரலில் ஒட்டி அடுத்த பிள்ளையின் நெற்றிக்குப் போகும். சொல்லியும் நாலு பேர் அப்பிக்கொண்டு வந்தார்கள். வாசலிலேயே ஈரத்துணி வைத்துத் துடைத்து உள்ளே அனுப்பினார். பெயர் எழுதிய அட்டையை நெஞ்சில் குத்திவிட்டார்.

பிரசங்கம் முடிந்து எங்களை எழுந்து நிற்கச் சொன்னார்கள். ஞானஸ்நானத்தில் எங்களுக்காக மற்றவர்கள் சொன்ன வாக்குறுதிகளை நாங்களே சொன்னோம். ஆயர் எல்லார் மேலும் இரு கைகளையும் நீட்டி அந்த ஏழு கொடைகளையும் கேட்டு ஜெபித்தார். பிறகு வரிசை நகர்ந்தது. அத்தை எனக்குப் பின்னால் நின்று வலது கையை என் வலது தோளில் வைத்தாள். சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவியும் கருவாட்டு வாசனை லேசாக இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவளின் ஞானத்தாய் கை வைக்க மறந்து கும்பிட்டுக்கொண்டு நிற்க, சிஸ்டர் பக்கவாட்டிலிருந்து ஓடிவந்து அவள் கையை எடுத்துத் தோளில் வைத்தார். ஆயர் அட்டையைப் பார்த்து "லூசியா" என்றார். ஒரு கணம் அது யார் என்று எனக்கு உறைக்கவில்லை. பெருவிரல் நெற்றியில் குளிர்ச்சியாகச் சிலுவை போட்டது. தூய ஆவியின் முத்திரையைப் பெற்றுக்கொள் என்றார், ஆமென் என்றேன். சமாதானம் சொன்னார், பதில் சொன்னேன். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

அந்த எண்ணெய்க்குக் கிறிஸ்மா என்று பெயர். ஒலிவ எண்ணெயில் வாசனைத் தைலம் கலந்தது. ஆயர் மட்டுமே அதை அர்ச்சிக்க முடியும். புனித வாரத்தில் பேராலயத்தில் ஆண்டுக்கொரு முறை எல்லாக் குருக்களும் கூடியிருக்க, பாத்திரத்தின் வாயில் ஊதி மந்திரித்து, பங்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறார்கள். வீட்டு எண்ணெய் எதிலும் இல்லாத வாசனை அது, இடத்துக்குத் திரும்பிய பிறகும் மூக்கின் மேலேயே நின்றது. 43 பேருக்கும் பூசி முடிந்ததும் ஆயருக்கு ஒரு தட்டில் அறுத்த எலுமிச்சம்பழமும் ரொட்டித் துண்டும் வந்தன. எண்ணெய்ப் பிசுக்கு எடுக்க அதுதான் வழி. கை கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றாமல் கோயில் தென்னை மூட்டில் ஊற்றினார் உபதேசியார்.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சி முதலில் கேட்டது, "அடிச்சாரா?"

அவள் காலத்தில் பூசியபின் ஆயர் கன்னத்தில் லேசாக ஒரு தட்டு தட்டுவார். விசுவாசத்துக்காக அடிவாங்கத் தயாராக இரு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். ரோச் ஆண்டகை அறைந்தால் பல் விழும் என்று பெரிய பிள்ளைகள் சொல்லிவைத்ததால், பதினொரு வயது ஆச்சி வரிசையிலேயே அழுதுவிட்டாளாம். கடைசியில் பட்டது கோழி இறகு பட்டதுபோல இருந்ததாம். 1971இல் ஆறாம் பவுல் பாப்பு சடங்கைத் திருத்தியபோது அந்த அடி போய்விட்டது. சமாதான வாழ்த்து மட்டும் மிஞ்சியது. அடிக்கவில்லை என்றேன். ஆச்சி கையால் தடவி என் கன்னம் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து ஒன்று வைத்தாள். இறகு பட்டதுபோல இல்லை. அந்த மாதத்தில் நான் செய்ததற்கும் சேர்த்து வைத்தாள் என்று நினைக்கிறேன்.

2005இல் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, அசலூரில். ஓலை வாசிப்பதற்கு முன்னால் ஞானஸ்நானப் பதிவின் நகல் எடுக்கப் போனபோது அந்தப் பெரிய புத்தகத்தை நானே புரட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு எதிரே ஓரத்தில் நீல மையில் உறுதிப்பூசுதல் நாள் ஏறியிருந்தது. கல்யாணம் ஏற வேண்டிய இடம் காலியாக இருந்தது. அத்தை மகன் அதற்கு மூன்று வருடம் முன்பே வேறு இடத்தில் கட்டியிருந்தான்.

புரை எடுத்துக் கண்ணாடி போட்டிருந்த ஆச்சிக்கு அப்போது எண்பது வயது. சீர்வரிசைப் பட்டியலை அப்பா வாசிக்க வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் ஓரிடத்தில் நிறுத்தச் சொன்னாள். "அண்ணங்காரன் சீர் எங்க?" எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லை. "ஞானத்தாய் மவன் இருக்காம்லா? அவன் செய்யட்டும். இல்லேன்னா முறைக்கு என்ன அர்த்தம்?" என்று அத்தை வீட்டுப் பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னாள். நாலாம் நாள் அவன் ஒரு கிரைண்டரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து திண்ணையில் இறக்கினான். முதுகைப் பிடித்துக்கொண்டு, "பதினோரு வருசமா வட்டி போட்டு வாங்கிட்டா கிழவி" என்றான் என்னிடம், ஆச்சிக்குக் கேட்காத மாதிரி.

அதற்கு இரண்டு தடவை பெல்ட் மாற்றியிருக்கிறேன். கல் இன்னும் நன்றாக இருக்கிறது.